ஈபிஎஃப் விண்ணப்பம் கிடப்பில் இருந்தால் கந்தோருக்கு எப்படி எழுதுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு அரச திணைக்களத்தின் தபால் பிரிவில் வேலை பார்த்தவன் நான். வரும் கடிதங்களைத் திறந்து, திகதி முத்திரை குத்தி, பதிவேட்டில் எழுதி, உரிய பிரிவுக்கு அனுப்புவது என் வேலை. எந்தக் கடிதம் நேரே கோவைக்குப் போகும், எது மேசைக்கு மேசை அலையும் என்பதை அங்கே தினமும் பார்க்கலாம். இப்போது அக்கம்பக்கத்தவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். கொழும்பில் பலர் இதற்காக வருவது ஈபிஎஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதிக் காசு வராமல் நிற்கும்போதுதான். அதனால் அந்த ஒரு விண்ணப்பத்தை வைத்தே இங்கே பதில் சொல்கிறேன்.

ஈபிஎஃப் காசுக்குப் போட்டு மாதக்கணக்காகிறது. நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்துக்கு எழுதுவதா, மத்திய வங்கிக்கு எழுதுவதா?

முதலில் விண்ணப்பத்தைக் கையளித்த இடத்துக்கு எழுதுங்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி இந்த நிதியில் இரண்டு தரப்புக்கு வேலை இருக்கிறது. உங்கள் விண்ணப்பத்தை வாங்கி, ஆவணங்களைப் பார்த்து, காசு கொடுக்கலாம் என்று உறுதிப்படுத்துவது தொழில் திணைக்களம். உறுப்பினர் கணக்குகளை வைத்திருந்து, அந்த உறுதிப்படுத்தல் வந்த பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்குக் காசை அனுப்புவது இலங்கை மத்திய வங்கியின் ஊழியர் சேமலாப நிதித் திணைக்களம்.

விண்ணப்பம் இன்னும் தொழில் திணைக்களத்தில் இருக்கும்போது மத்திய வங்கிக்கு எழுதினால், "உங்கள் விண்ணப்பம் எங்களுக்குக் கிடைக்கவில்லை" என்றுதான் பதில் வரும். அது பொய்யான பதில் இல்லை. ஆனால் அதற்காகக் காத்திருந்த நாட்கள் வீண். ஆகவே முதல் கடிதத்தின் வேலை, விண்ணப்பம் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது.

இன்னொன்று. ஈடிஎஃப் என்கிற ஊழியர் நம்பிக்கை நிதி வேறு. சம்பளத்தில் உங்கள் பங்கு 8 வீதமும் தொழில்தருநரின் பங்கு 12 வீதமும் சேர்வது ஈபிஎஃப். தொழில்தருநர் மட்டும் 3 வீதம் கட்டுவது ஈடிஎஃப். அதைப் பார்ப்பது தனியான ஒரு சபை. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினால், கிடைக்கும் கந்தோருக்கு அதில் பாதி தன் வேலை இல்லை.

கடிதத்தின் மேலே என்னென்ன இலக்கம் போட வேண்டும்? உறுப்பினர் இலக்கம் மட்டும் போதாதா?

போதாது. பலருடைய கடிதம் திரும்பி வருவதே இதனால்தான். உறுப்பினர் இலக்கம் ஒவ்வொரு கம்பனிக்குள்ளும் தனித்தனியாகக் கொடுக்கப்படுவது. 47ஆம் இலக்க உறுப்பினர் உங்கள் கம்பனியிலும் இருப்பார், பக்கத்துக் கம்பனியிலும் இருப்பார். உங்களை அடையாளம் காட்டுவது முழு இலக்கம்: முன்னால் வரும் வலய எழுத்து, தொழில்தருநர் இலக்கம், பிறகு உறுப்பினர் இலக்கம். மத்திய வங்கியின் கணக்குக் கூற்றில் மூன்றும் இருக்கும். சம்பளத் துண்டில் சில வேளை கடைசி இலக்கம் மட்டும் இருக்கும். அதை நம்பிக் கடிதம் எழுத வேண்டாம்.

அடுத்தது அடையாள அட்டை. பழைய ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட அட்டையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு பன்னிரண்டு இலக்க அட்டை எடுத்தவர்கள் இரண்டையும் எழுத வேண்டும். உங்கள் பழைய கணக்கு பழைய இலக்கத்தில்தான் பதிவாகியிருக்கும். விண்ணப்பத்தில் நீங்கள் எழுதியது புதியதாக இருக்கும்.

அப்புறம் விண்ணப்பம் கையளித்த திகதி, கையளித்த காரியாலயம், துண்டு ஏதும் தந்திருந்தால் அதன் இலக்கம். அவர்களிடமிருந்து ஏற்கெனவே ஒரு கடிதம் வந்திருந்தால் அதுதான் எல்லாவற்றையும்விடப் பெறுமதியானது. அரச கடிதங்களின் தலைப்பில் "எனது இல.", "உமது இல." என்று இரண்டு இடம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் "எனது இல." என்று போட்டிருப்பது அவர்களுடைய கோவையின் இலக்கம். நீங்கள் எழுதும்போது அதை "உமது இல." என்று மேலே போடுங்கள், ஒரு சாய்கோடுகூட மாறாமல். தபால் பிரிவில் இருப்பவர் கடிதத்தின் உள்ளடக்கத்தை வாசிப்பதில்லை, வாசிக்க நேரமும் இல்லை. அந்த வரியைப் பார்த்துத்தான் எந்த மேசைக்கு என்று தீர்மானிப்பார்.

என்னிடம் எந்த இலக்கமும் இல்லை. விண்ணப்பத்தை வாங்கி வைத்தார்கள், துண்டு தரவில்லை.

சரி, அப்படியானால் உங்கள் கையில் உள்ள உறுதியான விவரங்களை எழுதுங்கள். கையளித்த திகதி, எந்த மாடியில் எந்தக் கவுண்டர், படிவத்தின் பெயர். ஈபிஎஃப் மீளப்பெறும் விண்ணப்பம் கே படிவம். பழைய கணக்குக் கூற்று ஒன்றாவது வீட்டில் கிடைக்கும், தேடுங்கள். திகதி சரியாக ஞாபகம் இல்லையென்றால் ஊகித்து ஒரு நாளை எழுதாதீர்கள். "2025 மார்ச் இரண்டாம் வாரம்" என்று எழுதினால் பதிவேட்டில் அந்த வாரத்தைப் பார்ப்பார்கள். பிழையான ஒரு திகதியைத் திட்டவட்டமாக எழுதினால் அந்த ஒரு நாளைப் பார்த்துவிட்டு, இல்லை என்று எழுதிவிடுவார்கள்.

"தயவுசெய்து விரைவில் நடவடிக்கை எடுக்கவும்" என்று பணிவாக எழுதினால் போதாதா?

பணிவு நல்லது. ஆனால் அந்த வரியை வாசிக்கும் உத்தியோகத்தர் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இல்லை. "தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்று அவர் ஒரு பதில் அனுப்பலாம். கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது, உங்களுக்கு ஒன்றும் தெரியவரவில்லை.

ஒரு வேண்டுகோள் சரியானதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவு இது. அந்த உத்தியோகத்தர் ஒரே ஒரு கோவையைத் திறந்து, அதில் இருப்பதைப் பார்த்து, இருந்த இடத்தில் இருந்தே பதில் எழுத முடியுமா? முடியும் என்றால் கேள்வி சரி. வேறு பிரிவைக் கேட்க வேண்டும், மேலதிகாரியின் முடிவு வேண்டும், இரண்டு கோவை பார்க்க வேண்டும் என்று வந்தால் கடிதம் ஒரு பக்கத்தில் ஒதுங்கிவிடும்.

"என் காசை எப்போது தருவீர்கள்?" என்று கேட்டால், தொழில் திணைக்களத்தில் பதில் எழுதும் உத்தியோகத்தரால் அதற்குப் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் காசு அனுப்புவது வேறு நிறுவனம். "என் விண்ணப்பம் மத்திய வங்கிக்கு அனுப்பப்பட்டதா, எந்தத் திகதியில்?" என்று கேட்டால் முடியும். அனுப்பியிருந்தால் கோவையில் அதன் பிரதி இருக்கும். அனுப்பவில்லையென்றால் ஏன் நிற்கிறது என்ற குறிப்பு இருக்கும். இரண்டில் எது வந்தாலும் உங்கள் அடுத்த கடிதம் யாருக்கு என்று தெரிந்துவிடும்.

வீட்டு நிலைமை, நோய், பிள்ளையின் படிப்பு, இவற்றை எழுத வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். மனதில் இருப்பது அதுதானே. ஆனால் வேண்டுகோளுக்குப் பிறகு, ஒரு வரியில் எழுதுங்கள். முதல் பந்தி அதில் தொடங்கினால், கேள்வி எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

ஒரு கடிதத்தை முழுதாக எழுதிக் காட்டுங்கள்.

கொட்டாஞ்சேனையில் இருக்கும், ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் இந்தக் காசைக் கேட்கலாம். இவர் இரண்டு கம்பனிகளில் வேலை செய்தவர். கல்யாணத்துக்கு முன் சேர்ந்த கம்பனியில் தகப்பனின் முதலெழுத்து, பிறகு சேர்ந்ததில் கணவனின் முதலெழுத்து. கே படிவத்தை 2025 மார்ச் 12ஆம் திகதி கையளித்தார். ஜூலை வரை ஒரு தகவலும் இல்லை. கீழே உள்ள இலக்கங்கள் மாதிரிக்கு மட்டும்.

> 2025.07.21
>
> தொழில் ஆணையாளர் நாயகம்,
> ஊழியர் சேமலாப நிதிப் பிரிவு,
> தொழில் திணைக்களம்,
> நாரஹேன்பிட்டி, கொழும்பு 05.
>
> ஐயா / அம்மணி,
>
> ஊழியர் சேமலாப நிதி மீளப்பெறல் விண்ணப்பம் (கே படிவம்), கையளித்த திகதி 2025.03.12
>
> உறுப்பினர் இல. (1): ஏ / 00000 / 47
> உறுப்பினர் இல. (2): பி / 00000 / 312
> தே.அ.அ. இல. பழையது: ........ புதியது: ........
> தே.அ.அட்டையில் உள்ள முழுப் பெயர்: ........
>
> மேற்படி விண்ணப்பத்தை 2025.03.12 அன்று தங்கள் காரியாலயத்தில் நேரில் கையளித்தேன். இதுவரை எழுத்து மூலம் எந்த அறிவித்தலும் கிடைக்கவில்லை.
>
> இவ்விண்ணப்பம் இலங்கை மத்திய வங்கிக்கு அனுப்பப்பட்டுவிட்டதா என்பதையும், அனுப்பப்பட்டிருப்பின் அந்தத் திகதியையும், இல்லையெனின் அதற்கான காரணத்தையும் எழுத்து மூலம் அறியத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> முதலாவது கணக்கில் எனது பெயர் தகப்பனாரின் முதலெழுத்துடன் பதிவாகியுள்ளது. விவாகச் சான்றிதழின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது.
>
> இங்ஙனம்,
> (கையொப்பம், பெயர், முகவரி, தொலைபேசி)
>
> இணைப்பு: 1. தே.அ.அட்டைப் பிரதி 2. விவாகச் சான்றிதழ்ப் பிரதி 3. கணக்குக் கூற்றின் பிரதி

தலைப்பு வரியிலேயே படிவத்தின் பெயரும் திகதியும் வந்துவிட்டன. வேண்டுகோளில் மூன்று துண்டு இருந்தாலும் ஒரே கோவையில் ஒரே இடத்தைப் பார்த்துப் பதில் சொல்லலாம். பெயர் வித்தியாசத்தைப் பிரச்சினையாக முறையிடாமல் தகவலாகச் சொல்லி, ஆவணத்தையும் கூடவே வைத்திருப்பதைக் கவனியுங்கள். தடையாக இருந்தது அதுதான் என்றால், இன்னொரு கடிதப் போக்குவரத்து மிச்சம்.

எனக்கு ஒன்றில்லை, மூன்று பிரச்சினை. பெயர் பிழை, ஒரு கம்பனி சில மாதம் காசே கட்டவில்லை, வங்கிக் கணக்கையும் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதலாமா?

வேண்டாம். கம்பனி காசு கட்டாதது தொழில்தருநருக்கு எதிரான முறைப்பாடு. அதை விசாரிப்பது தொழில் திணைக்களத்தில் வேறு உத்தியோகத்தர்கள். கம்பனிக்கு ஆள் போக வேண்டும், சம்பளப் பதிவேடு பார்க்க வேண்டும். உங்கள் கே படிவத்தோடு அதையும் சேர்த்து எழுதினால், விசாரணை முடியட்டும் என்று கே படிவமும் கூடவே நிற்கக்கூடும். தனிக் கடிதம், தனித் தலைப்பு, இரண்டாவது கடிதத்தில் முதலாவதன் திகதியைக் குறிப்பிடாமலே விடுங்கள்.

வங்கிக் கணக்கு மாற்றம் அப்படியல்ல, அது இந்த விண்ணப்பத்தைச் சேர்ந்தது. ஆனால் முதலில் விண்ணப்பம் எங்கே என்று தெரியட்டும். மத்திய வங்கிக்குப் போய்விட்ட ஒன்றுக்குத் தொழில் திணைக்களத்தில் கணக்கு மாற்றக் கேட்டு என்ன பயன்? பழைய கணக்கை மட்டும் அதுவரை மூடிவிடாதீர்கள்.

கொழும்பில் இருந்துகொண்டு தமிழில் எழுதினால் பதில் வருமா?

எழுதலாம், அது உரிமை. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் ஒருவர் தமிழிலோ ஆங்கிலத்திலோ அரச உத்தியோகத்தரோடு கடிதத் தொடர்பு வைக்கவும் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை இடமளிக்கிறது. கொழும்பு அதற்குள் அடங்கும். தமிழில் எழுதிய கடிதத்துக்குச் சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவில் முறையிடலாம்.

அதே நேரம் நடைமுறை ஒன்று சொல்கிறேன். தமிழ் தெரிந்தவர் அன்று லீவில் இருந்தாலும் கடிதம் நிற்கக்கூடாது. ஆகவே திகதி, உறுப்பினர் இலக்கம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுத்தில் இல்லாமல் எண்களில், கடிதத்தின் மேற்பகுதியில் இருக்கட்டும். தலைப்பு வரியைத் தமிழிலும் அதன் கீழ் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ போடுங்கள். பெயரை விண்ணப்பத்தில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலிலேயே ஒரு முறை எழுதுங்கள். தமிழ்ப் பெயர் ஆங்கிலத்துக்குப் போகும்போது ஆளுக்கொரு மாதிரி எழுதுவார்கள், பதிவேட்டில் தேடுபவருக்கு அந்த ஒரு எழுத்து வித்தியாசமே போதும்.

அம்மாவுக்காக நான் எழுதலாமா?

நீங்கள் எழுதுங்கள், கையொப்பம் அம்மாவுடையதாக இருக்கட்டும். கடிதம் அவருடைய பெயரில், "நான்" என்றே போகட்டும். உங்கள் தொலைபேசி இலக்கத்தைத் தொடர்புக்கு என்று கீழே போடலாம். நேரில் போய் விசாரிக்க வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு அதிகாரக் கடிதமும் அவருடைய அடையாள அட்டைப் பிரதியும் கையில் இருக்க வேண்டும்.

மூலப் பிரதிகளை இணைக்கவா?

ஒருபோதும் வேண்டாம். போட்டோக் கொப்பி மட்டும். மூலப் பிரதி தேவையென்றால் கேட்பார்கள், அப்போது நேரில் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். சத்தியக் கடதாசி கேட்டிருந்தால் அது வேறு, அதைக் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்க முன் ஒரு கொப்பி எடுத்து வையுங்கள்.

நேரில் கொடுப்பதா, பதிவுத் தபாலா, ஈமெயிலா?

கொழும்பில் இருப்பவர் நேரில் கொடுப்பதே நல்லது. இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் திகதி முத்திரை கேளுங்கள். மறுத்தால் வாக்குவாதம் தேவையில்லை, அருகே உள்ள தபால் கந்தோரில் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுப் பற்றுச்சீட்டை உங்கள் பிரதியின் பின்னால் ஒட்டுங்கள். முத்திரை குத்திய அந்தப் பிரதிதான் அடுத்த கடிதத்துக்கு அடிப்படை, "2025.07.21 அன்று கையளித்த எனது கடிதம்" என்று எழுத அது வேண்டும்.

ஈமெயில் அனுப்பினால் கையொப்பமிட்ட கடிதத்தை ஸ்கேன் செய்து ஒரே கோப்பாக இணையுங்கள். விஷய வரியில் "அவசரம்" என்று போடுவதைவிட உறுப்பினர் இலக்கத்தையும் விண்ணப்பத் திகதியையும் போடுங்கள்.

ஒரு மாதமாகிறது, பதிலே இல்லை. திரும்பவும் அதையே எழுதுவதா?

ஒரு முறை எழுதுங்கள், மிகச் சுருக்கமாக. முதல் கடிதத்தின் திகதி, அதே கேள்வி, முதல் கடிதத்தின் முத்திரையிட்ட பிரதி. புதிய கேள்வி எதையும் சேர்க்காதீர்கள். கேள்வி மாறினால் அது புதுக் கடிதமாகிவிடும், காத்திருப்பும் முதலில் இருந்து தொடங்கும்.

அதற்கும் பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே கந்தோரின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதுங்கள். இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. இந்தச் சட்டத்தால் தகவலைத்தான் கேட்கலாம், வேலையைச் செய்விக்க முடியாது. "என் காசைத் தாருங்கள்" என்பது தகவல் கோரிக்கை இல்லை. இப்படிக் கேளுங்கள்: "2025.03.12 அன்று கையளித்த எனது கே படிவ விண்ணப்பம் மத்திய வங்கிக்கு அனுப்பப்பட்ட திகதியையும், அனுப்பிய கடிதத்தின் பிரதியையும், அனுப்பப்படவில்லையாயின் அதுபற்றிக் கோவையில் உள்ள குறிப்பின் பிரதியையும் தரவும்."

ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவலைத் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ, 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு செய்யலாம், அதற்கு மேல் தகவலறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. கோவையைத் தேடி எடுத்தால்தான் தகவல் கொடுக்கலாம் என்பதால், நின்றிருந்த விண்ணப்பம் அந்தக் கையோடு நகர்வதும் உண்டு.

மத்திய வங்கி காசை அனுப்பிவிட்டதாகச் சொல்கிறது. என் கணக்கில் வரவில்லை. இப்போது என் வங்கிக்கு என்ன எழுதுவது?

முதலில் மத்திய வங்கி சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். அனுப்பிய திகதி, தொகை, கணக்கு இலக்கம், அவர்கள் தரும் கொடுப்பனவு இலக்கம். தொலைபேசியில் சொன்னதை வைத்து வங்கிக்கு எழுத முடியாது.

பிறகு கணக்குள்ள கிளையின் முகாமையாளருக்கு எழுதுங்கள். கேள்வி இதுதான்: "இந்தத் திகதியில் இந்தத் தொகை என் கணக்குக்கு வரவு வைக்க வந்ததா? திருப்பி அனுப்பப்பட்டிருந்தால் எந்தத் திகதியில், என்ன காரணத்தால்?" பெயர் பொருந்தாதது, நெடுநாள் பாவிக்காமல் செயலற்றுப்போன கணக்கு, ஓர் எண் பிழையாக எழுதியது, இவைதான் பொதுவாகத் தெரியவரும் காரணங்கள். காரணம் எழுத்தில் வந்தால் அதை இணைத்து மத்திய வங்கிக்கு, மீண்டும் அனுப்பும்படி எழுதலாம்.

கிளை பதில் தராவிட்டால் வங்கியின் தலைமை அலுவலக முறைப்பாட்டுப் பிரிவு. அங்கும் சரிவராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் வாடிக்கையாளர் தொடர்புகள் திணைக்களம், தொலைபேசி 1935. நிதி ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம். ஆனால் இரண்டு இடத்திலும் முதல் கேள்வி, வங்கிக்கு எழுத்தில் முறையிட்டீர்களா என்பதாக இருக்கும். கிளையின் முத்திரை உள்ள பிரதி அங்கேதான் தேவைப்படும்.

தொழில் திணைக்களத்திடமிருந்து பதில் வந்துவிட்டது. ஆனால் "முதலாவது கணக்கின் பெயர் பொருந்தவில்லை" என்று ஒரு வரி மட்டும். இனி?

இது நல்ல பதில். நிற்கும் இடமும் காரணமும் தெரிந்துவிட்டன, மேலே "எனது இல." என்று கோவை இலக்கமும் கிடைத்துவிட்டது. ஆனால் என்ன ஆவணம் வேண்டும் என்று அதில் இல்லை. அதை ஊகித்து, ஒரு சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி செய்துகொண்டு ஓட வேண்டாம். விவாகச் சான்றிதழே போதும் என்றும் சொல்லலாம், பிறப்புச் சான்றிதழும் வேண்டும் என்றும் சொல்லலாம். அந்தக் கோவை இலக்கத்தை "உமது இல." என்று போட்டு, அவர்களுடைய கடிதத்தின் திகதியையும் எழுதி, இந்த ஒன்றைக் கேளுங்கள்: "முதலாவது கணக்கில் எனது பெயரைத் திருத்துவதற்கு நான் சமர்ப்பிக்க வேண்டிய ஆவணங்கள் எவை என்பதை எழுத்து மூலம் அறியத்தரவும்." பட்டியல் எழுத்தில் வந்த பிறகு அதில் உள்ளதை, உள்ள வரிசையிலேயே, ஒரே முகப்புக் கடிதத்தோடு கையளித்துப் பிரதியில் முத்திரை வாங்குங்கள்.